கீழே நிற்கும் எண்ணைத் தொடாதீர்கள்

வேதிச் சமன்பாட்டைச் சமன்செய்யச் சொல்லித்தரும்போது பெரும்பாலும் முதலில் கரும்பலகையில் ஏறுவது தண்ணீர்தான். ஹைட்ரஜன் ஆக்சிஜனோடு சேர்ந்து எரிந்தால் தண்ணீர் உண்டாகிறது.

H₂ + O₂ → H₂O

இடப்பக்கம் ஆக்சிஜன் அணு இரண்டு, வலப்பக்கம் ஒன்றுதான். வேதிவினையில் அணு புதிதாகப் பிறப்பதும் இல்லை, அழிவதும் இல்லை. யாரோடு யார் சேர்ந்திருக்கிறார்கள் என்பது மட்டுமே மாறுகிறது. ஆகவே கணக்கு உதைக்கிறது. மாணவர்கள் பலர் இங்கே ஒரு குறுக்குவழி பிடிப்பார்கள்: H₂O என்பதன் கீழே இன்னொரு 2 போட்டு H₂O₂ என்று ஆக்கிவிடுவார்கள். இரு பக்கமும் ஹைட்ரஜன் இரண்டு, ஆக்சிஜன் இரண்டு. எண்ணிப் பார்த்தால் சரியாகத்தான் இருக்கிறது. ஆனாலும் ஆசிரியர் சிவப்பு மையால் அடிக்கிறார். ஏன் அடித்தார் என்பது பலருக்குக் கடைசிவரை விளங்குவதே இல்லை.

H₂O₂ தண்ணீர் இல்லை. அது ஹைட்ரஜன் பெராக்சைடு. அதைத் தண்ணீரில் நன்றாக நீர்க்கச் செய்துதான் புண் கழுவும் மருந்தாக மருந்துக்கடையில் விற்கிறார்கள். புண்ணில் பட்டதும் நுரைத்துக்கொண்டு வருவது அதுதான். நீர்க்காமல் கையில் பட்டால் தோல் வெளுத்து எரியும். தண்ணீர் உண்டாவதைப் பற்றி எழுத வந்த மாணவர், ஒரு எண்ணைக் கீழே சேர்த்ததும் வேறொரு பொருளைப் பற்றி எழுதிவிட்டார்.

சமன்பாட்டில் இரண்டு வகை எண்கள் இருக்கின்றன. வாய்பாட்டுக்குள் சிறியதாகக் கீழே நிற்கும் எண், ஒரு மூலக்கூறுக்குள் எந்த அணு எத்தனை என்று சொல்கிறது. அது பொருளின் அடையாளம். வாய்பாட்டுக்கு முன்னால் பெரிதாக நிற்கும் எண்ணுக்குக் கெழு என்று பெயர். அப்படிப்பட்ட மூலக்கூறுகள் எத்தனை என்று சொல்வது அதன் வேலை. 2H₂O என்றால் தண்ணீர் மூலக்கூறு இரண்டு. அளவு கூடியிருக்கிறது, பொருள் தண்ணீராகவே இருக்கிறது. அதனால் சரியான விடை இது:

2H₂ + O₂ → 2H₂O

கெழுவை நாம் தாளில் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கிறோம். கீழெண் அப்படி வந்ததில்லை. ஆய்வுக்கூடத்தில் அளந்து பார்த்துக் கிடைத்தது. தண்ணீரின் வரலாறே இதற்குச் சாட்சி. அணுக்கொள்கையை முன்வைத்த ஜான் டால்ட்டன், தண்ணீரில் ஹைட்ரஜன் ஒன்று, ஆக்சிஜன் ஒன்று என்றுதான் எடுத்துக்கொண்டார். 1808-இல் கே-லுசாக், இரண்டு பங்கு கன அளவுள்ள ஹைட்ரஜன் ஒரு பங்கு ஆக்சிஜனோடு சேர்ந்து இரண்டு பங்கு நீராவி தருகிறது என்று அளந்து காட்டினார். 1811-இல் அவகாட்ரோ அந்த அளவுகளுக்கு விளக்கம் சொன்னார். ஆனால் 1860-இல் கார்ல்ஸ்ரூ நகரில் கூடிய வேதியியலாளர்களிடம் கன்னிசாரோ அதை எடுத்துச் சொன்ன பிறகுதான் குழப்பம் தீரத் தொடங்கியது. H-க்குக் கீழே அந்தச் சிறிய 2 உறுதியாக உட்கார அரை நூற்றாண்டு ஆயிற்று. அதைக் கணக்குச் சரிக்கட்டுவதற்காக நாம் மாற்ற முடியாது.

இனி, பார்த்தே சமன்செய்யும் முறையைக் கொஞ்சம் பெரிய வினையில் செய்து பார்ப்போம். சமையல் எரிவாயுவில் பியூட்டேனும் புரோப்பேனும் கலந்திருக்கின்றன. அதில் பியூட்டேன் எரிவதை எடுத்துக்கொள்வோம்.

C₄H₁₀ + O₂ → CO₂ + H₂O

ஆக்சிஜனை முதலில் தொடக் கூடாது. வலப்பக்கம் அது இரண்டு பொருள்களில் பிரிந்து கிடக்கிறது. இடப்பக்கமோ தனித்து நிற்கிறது. தனித்து நிற்பதைக் கடைசியில் எவ்வளவு வேண்டுமானாலும் கூட்டிக்கொள்ளலாம், வேறு எந்த அணுவின் கணக்கும் கலையாது. எனவே கார்பனில் தொடங்குகிறோம். இடப்பக்கம் நான்கு இருப்பதால் 4CO₂. அடுத்து ஹைட்ரஜன். இடப்பக்கம் பத்து, ஒரு தண்ணீர் மூலக்கூறுக்கு இரண்டு என்பதால் 5H₂O.

இப்போது வலப்பக்க ஆக்சிஜனை எண்ணுவோம். 4CO₂-இல் எட்டு, 5H₂O-இல் ஐந்து, ஆக மொத்தம் பதின்மூன்று. முன்னால் நிற்கும் 5, ஹைட்ரஜன், ஆக்சிஜன் இரண்டையும் பெருக்கும் என்பதை மறப்பவர்கள் இங்கேதான் வழுக்குவார்கள். பதின்மூன்று ஒற்றைப்படை, ஆக்சிஜனோ இரட்டை இரட்டையாகத்தான் வருகிறது. O₁₃ என்று எழுதினால் எண்ணிக்கை சரியாகிவிடும். ஆனால் காற்றில் இருப்பது O₂. பதின்மூன்று அணுக்கள் கோத்த ஆக்சிஜன் அங்கே இல்லை. ஆகவே O₂-க்கு முன் 13/2 என்று வைத்து, பின்னம் போக எல்லாக் கெழுக்களையும் இரண்டால் பெருக்குகிறோம்.

2C₄H₁₀ + 13O₂ → 8CO₂ + 10H₂O

சரிபார்த்துவிடுவோம். இரு பக்கமும் கார்பன் எட்டு, ஹைட்ரஜன் இருபது, ஆக்சிஜன் இருபத்தாறு. எடையும் ஒத்துப்போகிறது. 116 கிராம் பியூட்டேனும் 416 கிராம் ஆக்சிஜனும் சேர்ந்து 352 கிராம் கார்பன் டை ஆக்சைடும் 180 கிராம் தண்ணீரும் தருகின்றன. இரு பக்கமும் 532 கிராம். வீட்டு சிலிண்டரில் 14.2 கிலோ எரிவாயு இருக்கிறது. அது முழுக்கப் பியூட்டேன் என்று வைத்துக்கொண்டால், தீர்வதற்குள் ஏறத்தாழ 51 கிலோ ஆக்சிஜனைச் சமையலறைக் காற்றிலிருந்து இழுத்துக்கொள்ளும். இந்தக் கணக்கைச் சொல்வது கெழுக்கள்.

அந்த ஆக்சிஜன் போதாமல் போனால் என்ன ஆகும்? இங்கேதான் கீழெண்ணின் முழுக் கனமும் தெரிகிறது. CO₂-இன் கீழே உள்ள 2-ஐ எடுத்துவிட்டுப் பார்ப்போம்.

2C₄H₁₀ + 9O₂ → 8CO + 10H₂O

எண்ணிப் பாருங்கள், இதுவும் சமமாகத்தான் இருக்கிறது. இது பொய்யும் இல்லை. காற்று போதாத இடத்தில் எரிவாயு எரியும்போது ஒரு பகுதி இப்படித்தான் எரிகிறது. ஆனால் உண்டாவது கார்பன் மோனாக்சைடு. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினை அது ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேல் இறுகப் பற்றிக்கொள்கிறது. அடைத்த குளியலறையில் எரிவாயு கீசர் எரிந்து ஆட்கள் மயங்கி விழுவதற்கும் இறப்பதற்கும் இதுதான் காரணம். நம் மூச்சிலேயே வெளியேறும் ஒரு வாயுவுக்கும் ஆளைக் கொல்லும் இந்த வாயுவுக்கும் வாய்பாட்டில் உள்ள வேறுபாடு ஒரே ஒரு கீழெண்.

சமன்செய்தலின் எல்லையும் இதில் தெரிகிறது. இரண்டு சமன்பாடுகளும் கணக்கில் சரி. அடுப்பில் நடப்பது எது என்பதைக் கணக்கு சொல்லாது. சுடரின் நிறமும் காற்றின் அளவும் வெளிவரும் வாயுவின் சோதனையும்தான் சொல்லும். என்ன உண்டாகிறது என்பது முதலில் தெரிய வேண்டும். எவ்வளவு என்பதைக் கெழுக்கள் பிறகு சொல்லும்.

மாணவர்களுக்கும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. வாய்பாடுகளை எல்லாம் முதலில் பேனாவால் எழுதி, அவை சரிதானா என்று பாடநூலில் பார்த்துக்கொள்ளுங்கள். கெழுக்களை மட்டும் பென்சிலால் போடுங்கள். கணக்கு இடித்தால் அழிக்க வேண்டியது பென்சிலில் இருப்பதைத்தான்.