ஹில் எண்: அது எதைச் சொல்கிறது?

ஈ.கோலை பாக்டீரியாவில், டி.என்.ஏ.வுக்கு வேண்டிய பிரிமிடின்களைத் தயாரிக்கும் பாதையின் தொடக்கத்திலேயே அஸ்பார்டேட் டிரான்ஸ்கார்பமாயிலேஸ் என்ற நொதி வேலை செய்கிறது. இன்னொரு வினைபடுபொருளான கார்பமாயில் பாஸ்பேட்டைத் தாராளமாக வைத்துக்கொண்டு, அஸ்பார்டேட்டை மட்டும் படிப்படியாகக் கூட்டி வேகத்தை அளந்தால் எஸ் வடிவ வளைகோடு கிடைக்கும். நொதியில் வினை நடக்கும் இடங்கள் ஆறு. சில இடங்களில் அஸ்பார்டேட் அமர்ந்ததும் நொதியின் வடிவமே மாறி, மற்ற இடங்களின் பிடிப்பும் கூடிவிடுவதுதான் காரணம்.

இந்த வளைகோட்டை விவரிக்க, ஹீமோகுளோபினுக்காக 1910இல் ஏ.வி. ஹில் தந்த சமன்பாடு பயன்படுகிறது:

```
v = Vmax · S^n / (K^n + S^n)
```

S என்பது அஸ்பார்டேட்டின் செறிவு. K என்பது பாதி வேகம் கிடைக்கும் செறிவு. n தான் ஹில் எண். கணக்குக்கு வசதியாக Vmax 20, K 12 மில்லிமோலார், n 2 என்று வைத்துக்கொள்வோம். செறிவு 4 ஆனால் வேகம் 2. 12 ஆனால் 10. 36 ஆனால் 18. ஒன்பது மடங்கு செறிவிலேயே வேகம் 10 சதவீதத்திலிருந்து 90 சதவீதத்துக்குப் போய்விடுகிறது. n 1 ஆக இருந்தால் இதற்கு 81 மடங்கு வேண்டும்.

பழைய முறையில் log(v/(Vmax−v)) மதிப்பை log S-க்கு எதிரே குறித்து, நேர்கோட்டின் சாய்விலிருந்து n-ஐ எடுப்பார்கள். சிக்கல் Vmax-இல்தான். 36 மில்லிமோலாரோடு அளப்பதை நிறுத்தியவர், கோடு தட்டையாகப் போகிறதே என்று Vmax-ஐ 18.5 என ஊகித்தால், முதல், கடைசிப் புள்ளிகளை இணைக்கும் சாய்வு 2.6 ஆகிவிடும். தரவில் ஒரு குறையும் இல்லை, ஊகம்தான் பிழை. புள்ளிகளே அதைக் காட்டிக்கொடுக்கும்: 4-க்கும் 12-க்கும் இடையே சாய்வு 2.1, 12-க்கும் 36-க்கும் இடையே 3.1 எனக் கோடு மேல்நோக்கி வளையும். ஆகவே Vmax, K, n மூன்றையும் மூலத் தரவிலிருந்தே கணினியில் ஒருசேரப் பொருத்துவது நல்லது. அதற்கும் செறிவுகள் K-க்குக் கீழும் மேலும் நன்றாகப் பரவியிருக்க வேண்டும். உச்சப்பகுதி இல்லாத தரவை எந்த நிரலாலும் காப்பாற்ற முடியாது.

கிடைத்த n-ஐ இடங்களின் எண்ணிக்கை என்று படிப்பது பரவலான தவறு. ஒரு கணத்தில் எல்லா இடங்களும் சேர்ந்தே நிரம்பினால்தான் n 6 ஆகும். இடைநிலைகள் இருப்பதால் ஆறு இடமுள்ள இந்த நொதிக்கும் n ஏறத்தாழ 2 தான் வருகிறது. சமநிலையில் இருக்கும் பிணைப்பைப் பொறுத்தவரை, இடங்கள் n-ஐவிடக் குறையாது என்பது மட்டுமே உறுதி. n பின்னமாக வந்தாலும் வியப்பில்லை. அது இடங்களுக்கு இடையிலான ஒத்துழைப்பின் அளவு.

சி.டி.பி. சேர்த்தால் K கூடி வளைகோடு வலப்புறம் நகரும், ஏ.டி.பி. சேர்த்தால் இடப்புறம் நகரும், எஸ் வளைவும் தளரும். 1960களில் கெர்ஹார்ட்டும் ஷாக்மனும் பாதரசச் சேர்மத்தால் நொதியைப் பிரித்துப் பார்த்தபோது, வினையூக்கும் துண்டு தனியாகவும் வேலை செய்தது. ஆனால் எஸ் வளைவு மறைந்து n 1 ஆனது, சி.டி.பி.யையும் அது பொருட்படுத்தவில்லை.