தேனீ கட்டிய வேலி

கென்யாவில் சாவோ கிழக்குத் தேசியப் பூங்காவை ஒட்டி சகல்லா என்ற பகுதி இருக்கிறது. அங்கே சோளம் முற்றும் காலத்தில் யானைகள் வந்தால், ஒரே இரவில் ஒரு குடும்பத்தின் ஆண்டு உணவு போய்விடும். அந்த உழவர்கள் இன்று தோட்டக் காவலுக்குத் தேனீக்களை வைத்திருக்கிறார்கள்.

யானையின் தோல் தடித்தது. ஆனால் கண்ணோரமும் காதின் பின்புறமும் துதிக்கையின் உட்புறமும் மென்மையானவை. தேனீக்கள் கொட்டுவது அங்கேதான். அதனால் தேனீக்களின் இரைச்சல் காதில் விழுந்தாலே யானைகள் கூட்டமாக விலகி ஓடுகின்றன. ஒலிப்பதிவை ஒலிக்கவிட்டு 2007இல் இதை உறுதிசெய்த லூசி கிங் என்ற ஆய்வாளரே இந்த வேலியையும் உருவாக்கினார்.

ஒரு ஏக்கர் தோட்டத்தின் சுற்றளவு ஏறத்தாழ 250 மீட்டர். பத்து மீட்டருக்கு ஒன்றாக 24 பெட்டிகளைத் தொங்கவிடுகிறார்கள். அவற்றில் 12 மட்டுமே உண்மையான தேன்பெட்டிகள். இடையிடையே வருபவை வெறும் பலகைகள். செலவைக் குறைக்க இந்த ஏற்பாடு. சூட்சுமம் கம்பியில் இருக்கிறது. அதைக் கம்பங்களில் அடித்து இறுக்காமல், பெட்டிக்குப் பெட்டி இணைத்துக்கொண்டே போகிறார்கள். யானை உள்ளே நுழையக் கம்பியைத் தள்ளினால் இருபுறமும் பெட்டிகள் ஆடும். தேனீக்கள் சீறிக்கொண்டு வெளியே வரும். யானைக்கு வலி உண்டு, காயம் இல்லை. உழவருக்குத் தேனும் கிடைக்கிறது.

ஒன்பது ஆண்டுக் கணக்கை ஆராய்ந்து 2024இல் வெளியிட்டார்கள். விளைச்சல் மிகுந்த பருவங்களில், தோட்டத்தை நெருங்கிய யானைகளில் 86 சதவீதம் வரை திரும்பிப் போயிருந்தன.

ஆனால் தேனீ இல்லாத பெட்டி வெறும் மரம்தான். 2017இல் வறட்சி வந்தபோது பூக்கள் இல்லை, நீர் இல்லை. தேனீக்கள் பெட்டிகளைக் கைவிட்டுப் பறந்தன. ஆகவே வேலி வைப்பவர் கம்பியைவிடப் பெட்டியின் வாசலைத்தான் அடிக்கடி பார்க்க வேண்டும். பகலில் தேனீக்கள் போய்வந்து கொண்டிருந்தால் காவல் இருக்கிறது. வாசல் ஓய்ந்திருந்தால் அந்தப் பக்கம் திறந்தே கிடக்கிறது என்று பொருள். அருகில் தண்ணீர் வைப்பதும் பூக்கும் செடிகள் வளர்ப்பதும் வேலியைப் பராமரிக்கும் வேலையே.

இந்த வேலி பயிரைக் காக்கும். இருட்டில் வீடு திரும்பும் மனிதரைக் காக்காது. அதற்கு வழி காட்டியது நம் வால்பாறை. அங்கே யானைகள் நடமாடும் இடத்தைக் குறுஞ்செய்தியாக மக்களுக்கு அனுப்புகிறார்கள். கைபேசி அழைப்பால் இயங்கும் சிவப்பு விளக்குகளும் எரிகின்றன. தேயிலைத் தோட்டச் சரிவில் யானை நிற்பது தெரியாமல் நேருக்கு நேர் போய்விடுவதே அங்கு உயிரிழப்புகளுக்குப் பெரிய காரணமாக இருந்தது. சிவப்பு விளக்கைக் கண்டால் அந்த வழியே போகாதீர்கள். யானை கடந்து போகும்வரை காத்திருங்கள்.