கண்ணாடியில் காய்ந்துபோன ஸ்டிக்கர்

காரின் முன்கண்ணாடியில் இருக்கும் பழைய ஃபாஸ்டேக் ஒரே துண்டாக உரிந்து வராது. கழற்றி வேறு வண்டியில் ஒட்டிவிடக் கூடாது என்பதற்காக, பிய்ந்து போகும்படியே அதைத் தயாரிக்கிறார்கள். சில வருட வெயிலும் சேர்ந்தால் பசை இறுகி, நகம் பட்டாலே பொடிப்பொடியாக உதிரும். உடனே கை, பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரைத் தேடிப் போகும். தயவுசெய்து அதைத் தொடாதீர்கள். அந்த நாரில் கண்ணாடியைவிடக் கடினமான அரத்தூள் கலந்திருக்கிறது. அது போடும் மெல்லிய கோடுகள் பகலில் தெரியாது. இரவில் எதிரே வரும் வண்டியின் விளக்கு பட்டால் கண்ணைக் கூசும்.

முதலில் கண்ணாடியைச் சூடாக்க வேண்டும். ஹேர் டிரையரை ஓரிடத்திலேயே நிறுத்தாமல் ஸ்டிக்கர் முழுக்க நகர்த்திக்கொண்டே இருங்கள். தொட்டால் கை பொறுக்கும் சூடு போதும். வெயிலில் நின்ற வண்டி என்றால் டிரையரே தேவையில்லை. கண்ணாடியில் கல் பட்ட தெறிப்பு இருந்தால் மட்டும் சூடு வேண்டாம், விரிசல் ஓடிவிடும். பசை இளகியதும் காலாவதியான ஏடிஎம் கார்டால் ஒரு மூலையைக் கிளப்பி, கண்ணாடியை ஒட்டியே மடக்கி, மெதுவாக இழுங்கள். வெடுக்கென்று இழுத்தால் மேல்தாள் மட்டும் கையோடு வந்து, பசை அங்கேயே தங்கிவிடும்.

மிச்சமிருக்கும் பசைமேல் தேங்காய் எண்ணெயில் நனைத்த பஞ்சை ஒட்டிவைத்து, கால்மணி நேரம் விடுங்கள். எண்ணெய் ஊறிய பசை, விரலால் தள்ளினால் சுருண்டு திரளும். பிளாஸ்டிக் மேல்தோல் இன்னும் இருந்தால் எண்ணெய் உள்ளே இறங்காது. அதை முதலில் சுரண்டி எடுத்துவிட வேண்டும். பெட்ரோலோ தின்னரோ வேண்டாம். மூடிய வண்டிக்குள் அதன் ஆவி ஆபத்து.

எண்ணெய்க்கும் மசியாத இடத்துக்குத்தான் பிளேடு. பிளேடைவிட, அதற்கும் கண்ணாடிக்கும் நடுவே சிக்கும் மணல்தான் பெரும்பாலும் கீறலுக்குக் காரணம். அதனால் அந்த இடத்தைத் துடைத்து, சோப்புத் தண்ணீர் தாராளமாகத் தெளித்து, புது பிளேடைப் பிடியில் மாட்டிப் படுக்கையாக வைத்து முன்னோக்கி மட்டும் தள்ளுங்கள். பின்னால் இழுக்காமல் தூக்கி வையுங்கள். கரகரவென்று சத்தம் வந்தால் உடனே நிறுத்தி, தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். ஃபிலிம் ஒட்டிய கண்ணாடியிலும், பனி நீக்கும் கம்பிக்கோடுகள் ஓடும் பின்கண்ணாடியிலும், ஓரத்துக் கறுப்புப் புள்ளிகளிலும் பிளேடு படவே கூடாது.

கடைசியாக, பாத்திரம் கழுவும் திரவத்தால் எண்ணெயைப் போக்கி, மென்துணியால் துடையுங்கள். அந்த இடத்தில் வாயால் ஊதினால் ஆவி சீராகப் படிய வேண்டும். திட்டுத்திட்டாகப் படிந்தால் பசையோ எண்ணெயோ இன்னும் இருக்கிறது. புது ஃபாஸ்டேக் அங்கே சரியாக ஒட்டாது.