ஒரே நாளில் ஒன்பது கோயில்

கும்பகோணத்திலிருந்து நவக்கிரக சுற்றுலா அழைத்துச் செல்லும் நிறுவனங்களின் அறிவிப்பில் ஏசி வண்டி, மதிய உணவு, முன்பணம் எல்லாம் இருக்கும். முதலில் பார்க்க வேண்டியது கோயில்களின் வரிசை.

காரணம் நடை சாத்தும் நேரம். பெரும்பாலான கோயில்கள் நண்பகலையொட்டி மூடி, மாலை நான்கு மணிக்குத்தான் திறக்கின்றன. அதனால் நல்ல திட்டம் காலை ஆறு மணிக்கே மேற்கே திங்களூரில் தொடங்கும். பிறகு ஆலங்குடி, திருநாகேஸ்வரம், சூரியனார்கோயில், கஞ்சனூர் என்று கிழக்கே நகர்ந்து, நடை சாத்துமுன் வைத்தீஸ்வரன்கோயிலை எட்டிவிடும். சாப்பாடும் ஓய்வும் அங்கேயே. மாலையில் திருவெண்காடு, கீழப்பெரும்பள்ளம், கடைசியாகத் திருநள்ளாறு.

எட்டு மணிக்குப் புறப்படும் வண்டி இந்தக் கணக்கில் தோற்றுவிடும். காலையில் ஒரு கோயில் தவறினாலும், அதற்காக மாலையில் திரும்பிவர வழியில்லை. முதியவர்கள் வரும் குழுவுக்கு இரண்டு நாள் திட்டமே நல்லது. இடையில் ஓர் இரவு தங்கினால் பிரகாரத்தை நிதானமாகச் சுற்றலாம்.

சனிக்கிழமையைத் தவிர்ப்பதும் உதவும். அன்று திருநள்ளாற்றில் வரிசை நீளும். அந்த ஊர் புதுச்சேரி யூனியன் பிரதேசத்தின் காரைக்காலில் இருப்பதால், வண்டிக்கு மாநிலம் கடக்கும் பெர்மிட் கட்டணம் சேர்ந்திருக்கிறதா என்று பதிவின்போதே கேட்க வேண்டும். சிறப்பு தரிசனச் சீட்டு, அர்ச்சனைச் செலவு யாருடையது, பயணம் ரத்தானால் முன்பணத்தில் எவ்வளவு திரும்பும் என்பவற்றையும் ரசீதிலேயே எழுதி வாங்குவது பாதுகாப்பு.