ஒரு குக்கர் புலாவ், நான்கு சம பங்கு

ஜிம்முக்குப் போகிறவர்கள் 'மேக்ரோ' என்பது புரதம், மாவுச்சத்து, கொழுப்பு மூன்றின் அளவைத்தான். இட்லியை எண்ணிச் சாப்பிடலாம். ஒரே குக்கரில் வெந்த புலாவில் ஒரு தட்டுக்கு எவ்வளவு என்று எப்படிச் சொல்வது? வழி இருக்கிறது. கணக்கைச் சமைப்பதற்கு முன்பே போட்டுவிட வேண்டும்.

முதல் வேலை, காலிக் குக்கரை மூடி இல்லாமல் சமையல் தராசில் வைத்து எடையைக் குறித்துக்கொள்வது. என் குக்கர் 1,850 கிராம். பிறகு எல்லாவற்றையும் பச்சையாகவே நிறுக்கிறேன்: பாஸ்மதி அரிசி 300 கிராம், பச்சைப் பட்டாணி 200, வெங்காயம், கேரட், பீன்ஸ் தலா 100, நெய் 30. அரிசியை ஊறப்போடும் முன்பே நிறுத்துவிடுங்கள். காய்ந்த பட்டாணியை ஊறவைத்துப் போட்டால் கணக்கு வேறு. அதையும் ஊறும் முன்பே நிறுக்க வேண்டும்.

சறுக்குவது பெரும்பாலும் நெய்யில்தான். உறைந்த நெய்யைக் குவித்து அள்ளினால் ஒரு கரண்டியில் எவ்வளவு வருகிறது என்று கண்ணுக்குத் தெரியாது. பத்து கிராம் கூடினாலே 90 கலோரி ஏறிவிடும். நெய் பாட்டிலைத் தராசில் வைத்து, எடுக்க எடுக்கக் குறைவதைப் பாருங்கள்.

அரை மணி நேரம் ஊறிய அரிசியை வடித்துவிட்டு, நெய்யில் பட்டை, கிராம்பு, ஏலக்காய், பிரிஞ்சி இலை பொரிந்ததும் வெங்காயம், காய்கள், அரிசி என்று வதக்கி, உப்பும் 500 மில்லி தண்ணீரும் சேர்த்து இரண்டு விசில் விடுகிறேன். மசாலாவைக் கணக்கில் சேர்க்கத் தேவையில்லை, அது அவ்வளவு சொற்பம்.

எல்லாம் சேர்த்துச் சுமார் 1,600 கலோரி. அதில் அரிசி மட்டுமே 1,050. தண்ணீருக்குக் கலோரி இல்லை என்பதால், வெந்து எடை கூடினாலும் இந்தத் தொகை மாறாது. வெந்த சோற்றை 100 கிராம் நிறுத்து, அதற்குப் பச்சரிசியின் 350 கலோரியைப் போடுகிறவர்கள் இரண்டரை மடங்கு அதிகமாகக் கணக்கிடுகிறார்கள்.

ஆவி அடங்கித் திறந்தால் காய்கள் மேலே நிற்கும், நெய் அடியில் தங்கியிருக்கும். அப்படியே அள்ளினால் முதல் டப்பாவுக்குக் காயும் கடைசி டப்பாவுக்கு நெய்ச்சோறும் போகும். பத்து நிமிடம் விட்டு, அரிசி உடையாமல் அடியிலிருந்து புரட்டிக் கலந்த பிறகு நிறுங்கள். எனக்கு வந்தது 3,150 கிராம். குக்கரைக் கழித்தால் புலாவ் 1,300. நான்கு டப்பாவுக்குத் தலா 325 கிராம். ஒரு பங்கில் ஏறத்தாழ 400 கலோரி, புரதம் 10 கிராம், மாவுச்சத்து 72, கொழுப்பு 8.

சூடு தணிந்ததும், இரண்டு மணி நேரத்துக்குள் டப்பாக்களை ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். வெளியிலேயே கிடக்கும் சோற்றில் பெருகும் கிருமியின் நஞ்சு, மறுபடி சுட வைத்தாலும் போகாது.

ஒரு வேளைக்குப் பத்து கிராம் புரதம் குறைவுதான். இரண்டு அவித்த முட்டை சேர்த்தால் இன்னும் 12 கிராம் கிடைக்கும். முட்டை சாப்பிடாதவர்கள் அடுத்த முறை அரிசியில் 50 கிராமைக் குறைத்து சோயா சங்க்ஸ் போட்டுப் பாருங்கள்.