சுங்குடிக் கடைக்கு ஐந்து ஹேஷ்டேக்

சேலைக் கடைகளின் இன்ஸ்டாகிராம் பக்கங்களைப் பார்த்துக்கொண்டே போனால் ஒரு காட்சி திரும்பத் திரும்பக் கண்ணில் படும். படம் நன்றாக இருக்கும். கீழே ஒரு வரி விவரம், "விலைக்கு மெசேஜ் செய்யவும்" என்று ஒரு வரி. அதற்கும் கீழே ஹேஷ்டேக்குகள் வரிசைகட்டி நிற்கும்: #love, #instagood, #explorepage, #viral, #fashion, #bridal, #kanchipuram... விற்பது அறுநூறு ரூபாய்ப் பருத்திச் சேலை. அடியில் இருப்பதோ கல்யாணப் பட்டு தேடுகிறவர்களுக்கான அழைப்பு. எத்தனை பேர் கண்ணில் பட்டாலும் நல்லதுதானே என்று கடைக்காரர் நினைக்கிறார். ஆனால் பட்டு தேடி வந்தவர் பருத்தியைப் பார்த்ததும் நிற்காமல் நகர்ந்துவிடுகிறார். பருத்தி தேடியவருக்கோ இந்தப் பதிவு கிடைப்பதே இல்லை.

ஹேஷ்டேக் பிறந்தது ஆள் பிடிப்பதற்காக அல்ல. ட்விட்டரில் ஒரே விஷயத்தைப் பேசுகிறவர்கள் ஒருவரையொருவர் கண்டுபிடிக்க # குறியைப் பயன்படுத்தலாமே என்று கிறிஸ் மெசினா என்ற வடிவமைப்பாளர் 2007 ஆகஸ்டில் யோசனை சொன்னார். அதே ஆண்டு அக்டோபரில் சான் டியேகோ பகுதியில் காட்டுத்தீ பரவியபோது, தீ நிலவரச் செய்திகளை #sandiegofire என்ற குறியோடு மக்கள் பகிர்ந்தார்கள். தேடுகிறவருக்குத் தேவையான தகவல் அந்தக் குறிக்கடியில் திரண்டு கிடைத்தது. இன்ஸ்டாகிராம் 2011 ஜனவரியில் ஹேஷ்டேக்கை ஏற்றுக்கொண்டது.

இன்று இன்ஸ்டாகிராமில் ஹேஷ்டேக் இரண்டு வேலை செய்கிறது. அந்தச் சொல்லைத் தேடுகிறவருக்குப் பதிவைக் காட்டுவது ஒன்று. படத்தில் இருப்பது என்ன, யாருக்குப் பிடிக்கக்கூடியது என்று செயலி புரிந்துகொள்ளத் துப்புக் கொடுப்பது இன்னொன்று. முன்பு ஒரு ஹேஷ்டேக்கையே ஆளைப் போலப் பின்தொடர முடிந்தது. 2024 டிசம்பரில் அந்த வசதியை எடுத்துவிட்டார்கள். ஹேஷ்டேக் போட்டாலே பதிவு பரவிவிடாது என்று இன்ஸ்டாகிராமின் தலைவர் ஆடம் மோசேரியும் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். ஆக, ஹேஷ்டேக்கிடம் எதிர்பார்க்க வேண்டியது கூட்டத்தை அல்ல, சரியான ஆளை.

எத்தனை போடலாம்? வெகுகாலம் ஒரு பதிவுக்கு முப்பது வரை இன்ஸ்டாகிராம் இடம் கொடுத்தது. அப்படிக் கொடுத்த காலத்திலேயே, 2021-ல், பதிவிடுவோருக்குச் சொன்ன ஆலோசனை வேறு: மூன்று முதல் ஐந்து போதும், பலரும் அறிந்ததும் குறிப்பானதுமாகக் கலந்து போடுங்கள், #explorepage போன்ற பொத்தாம்பொது குறிகளைத் தவிருங்கள். ஐந்துதான் என்று வைத்துக்கொண்டால் ஒவ்வொன்றையும் யோசித்தே போட வேண்டியிருக்கும்.

மதுரை விளக்குத்தூண் பக்கம் சுங்குடிச் சேலை விற்கும் ஒரு சிறு கடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். சுங்குடி மதுரையின் சௌராஷ்டிர மக்கள் கைவண்ணத்தில் வளர்ந்த சேலை. துணியில் சிறு சிறு இடங்களைக் கிள்ளி நூலால் இறுக்கிக் கட்டிச் சாயத்தில் முக்குவார்கள். கட்டிய இடத்தில் சாயம் ஏறாது. முடிச்சை அவிழ்த்தால் புள்ளி புள்ளியாகத் தெரியும். 2005-ல் மதுரைச் சுங்குடிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. இன்றைக்குக் கடைக்கு வந்திருப்பது அரக்குச் சிவப்பில் வெள்ளைப் புள்ளி போட்ட, கையால் முடிச்சிட்ட சேலை. அதைப் படம் எடுத்தாகிவிட்டது. இனி என்ன எழுதுவது?

முதலில் தோன்றுவது #saree. அதில் பதிவுகள் கோடிக்கணக்கில் கிடக்கின்றன. பெரிய பிராண்டுகள், நடிகைகளின் படங்கள், பல லட்சம் பேர் பின்தொடரும் பக்கங்கள் எல்லாம் அங்கேதான். அந்தத் திரளில் ஒரு சிறு கடையின் படம் மேலே நிற்க வாய்ப்பே இல்லை. அதற்காகப் பொதுக் குறியே வேண்டாம் என்று ஒதுக்கவும் முடியாது. சுங்குடி என்ற பெயரையே கேள்விப்படாதவர், வெயிலுக்கு இதமாகக் கட்ட ஒரு பருத்திச் சேலை தேடலாம். அவருக்காக ஒரு படி இறங்கி #CottonSaree என்று போடலாம். பரப்பு பெரிதுதான், ஆனாலும் பட்டும் டிசைனர் சேலையும் கலக்காத பரப்பு. பொதுக் குறிக்கு இந்த ஒரு இடம் போதும்.

அடுத்தது கடையின் தனிச் சரக்கைச் சொல்லும் குறி. சிறு வியாபாரிக்கு உண்மையில் சோறு போடுவது இதுதான். #SungudiSaree, #MaduraiSungudi இரண்டிலும் பதிவுகள் குறைவு, தேடுகிறவர்களும் குறைவு. ஆனால் தேடுகிறவருக்குச் சுங்குடி என்றால் என்னவென்று தெரியும். அம்மா கட்டிப் பார்த்ததாக இருக்கும். அல்லது ஊரைவிட்டுப் போய் மும்பையிலோ சிங்கப்பூரிலோ இருந்துகொண்டு வாங்க நினைக்கிறவராக இருக்கும். அவர் விலை கேட்காமல் போவது அரிது. தமிழில் தட்டுகிறவர்களுக்காக #சுங்குடி என்றும் போடலாம். தமிழ் எழுத்து ஹேஷ்டேக்கை ஏனோ பல கடைகள் கண்டுகொள்வதில்லை. வாடிக்கையாளரில் தமிழிலேயே தேடுகிறவர்களும் இருக்கும்போது அந்த இடத்தைக் காலியாக விடுவது நஷ்டம்.

இந்த வகையில்தான் தவறும் எளிதாக நேரும். முடிச்சுச் சாயம் என்பதால் #TieDye பொருத்தமாகத் தோன்றும். அதைத் திறந்து பார்த்தால் பெரும்பாலும் வண்ணம் சுழன்றோடும் டீ-ஷர்ட்டுகள். #Bandhani என்பது குஜராத், ராஜஸ்தான் பக்கத்துக் கலை. சுங்குடிக்கு உறவுதான் என்றாலும் அதைத் தேடுகிறவர் எதிர்பார்க்கும் வண்ணமும் வடிவமும் வேறு. ஒரு குறியைப் போடுவதற்கு முன் அதைத் தேடல் பெட்டியில் தட்டி, மேலே வரும் பத்துப் பன்னிரண்டு படங்களைப் பார்த்துவிட வேண்டும். நம் சேலை அவற்றோடு சேர்ந்து நின்றால் இயல்பாக இருக்குமா, அந்நியமாகத் தெரியுமா? இந்தச் சோதனைக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

மூன்றாவது ஊர்க் குறி. #Madurai என்று தேடினால் மீனாட்சியம்மன் கோபுரமும், ஜிகர்தண்டாவும், பரோட்டாவும், ரசிகர் மன்றப் படங்களும் வந்து விழும். அங்கே சேலை தேடுகிறவர் யார்? #MaduraiShopping அப்படியல்ல, வெளியூரிலிருந்து வந்து எங்கே வாங்கலாம் என்று பார்க்கிறவர் தட்டும் சொல் அது. தெருப்பெயரையும் ஹேஷ்டேக் ஆக்கலாம் என்றாலும் #Vilakkuthoon என்று தேடுவோர் சிலரே. அதைவிட, பதிவிடும்போது இடத்தைச் சேர்க்கும் வசதியில் கடை இருக்கும் இடத்தைக் குறித்துவிட்டு, தெருப்பெயரை விவரத்திலேயே எழுதிவிடுவது மேல். அனுப்பி வைக்கிறீர்கள் என்பதற்காக #Chennai, #Coimbatore, #Trichy என்று ஊர் ஊராக அடுக்குவதுதான் பார்க்கிறவருக்கு எரிச்சல் தரும். கோயம்புத்தூரில் கடை இருப்பதாக நம்பி வருகிறவர் ஏமாந்து போவார். "தமிழகம் முழுக்க கூரியரில் அனுப்புகிறோம்" என்று ஒரு வரி எழுதினால் அந்த வேலை நேர்மையாக முடிந்துவிடும்.

ஆக, இந்தச் சேலைக்கான பதிவு ஏறக்குறைய இப்படி அமையும்:

```
அரக்குச் சிவப்பு, வெள்ளைப் புள்ளி. கையால் முடிச்சிட்ட
மதுரைச் சுங்குடி, பருத்தி. விளக்குத்தூண் அருகே எங்கள்
கடையில். வெளியூருக்குக் கூரியர் உண்டு.

#MaduraiSungudi #SungudiSaree #சுங்குடி
#CottonSaree #MaduraiShopping
```

மூன்று தனிச் சரக்குக்கு, ஒன்று பொதுவுக்கு, ஒன்று ஊருக்கு. விவரத்தில் எழுதும் சொற்களும் தேடலுக்கு உதவுகின்றன என்பதால் நிறம், துணி, முடிச்சு எல்லாவற்றையும் ஹேஷ்டேக்கில் திணிக்க வேண்டியதில்லை. ஆங்கிலக் குறியில் ஒவ்வொரு சொல்லின் முதலெழுத்தும் பெரிய எழுத்தாக இருப்பதற்குக் காரணம் உண்டு. பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பு மென்பொருள் அப்போதுதான் சொல்லைப் பிரித்து வாசிக்கும். கண்ணால் படிக்கிறவருக்கும் குழப்பம் வராது. 2013-ல் மார்கரெட் தாட்சர் இறந்தபோது சிற்றெழுத்தில் பரவிய #nowthatchersdead என்ற குறியைத் தவறாகப் பிரித்துப் படித்து, பாடகி ஷெர் இறந்துவிட்டார் என்று பலர் பதறினார்கள்.

இதே ஐந்தையும் நகலெடுத்து எல்லாப் பதிவிலும் ஒட்டினால் பக்கம் மறுபடி விளம்பரத் தட்டியாகிவிடும். அடுத்த பதிவு முடிச்சுப் போடும் விரல்களைக் காட்டும் ரீல் என்றால், அங்கே #MaduraiShopping-க்கு வேலையில்லை; கைத்தொழில் பார்க்க விரும்புகிறவர் தேடும் #IndianTextiles பொருந்தும். சித்திரைத் திருவிழாவுக்கென்றே தனியாகச் சேலை எடுத்து வைத்திருந்தால் #ChithiraiThiruvizha போடலாம். அழகர் ஆற்றில் இறங்குவதை ஊரே தேடுகிறது என்பதற்காக, சம்பந்தமில்லாத தள்ளுபடி விளம்பரத்தை அங்கே நுழைப்பது வேறு. 2014-ல் அமெரிக்காவில் கணவனின் அடியுதையைத் தாங்கிய பெண்கள் தங்கள் கதையைச் சொல்ல #WhyIStayed என்ற குறியைப் பயன்படுத்தினார்கள். டிஜியோர்னோ பீட்சா நிறுவனம் அது என்னவென்று பார்க்காமலே அதில் பீட்சா விளம்பரம் போட்டுவிட்டு, பின்னர் ஒவ்வொருவரிடமாக மன்னிப்புக் கேட்டது. பரபரப்பாக ஓடும் குறியைத் தொடுவதற்கு முன் அதற்குள் என்ன பேசுகிறார்கள் என்று படித்துப் பார்ப்பது கட்டாயம்.

பலன் தெரிகிறதா என்று பார்க்க லைக் எண்ணிக்கை உதவாது. கணக்கைத் தொழில்முறைக் கணக்காக மாற்றினால் ஒவ்வொரு பதிவுக்கும் Insights கிடைக்கும். பார்த்தவர்களில் உங்களைப் பின்தொடராதவர்கள் எவ்வளவு என்பது அதில் தெரியும். அது பதிவுக்குப் பதிவு கூடியும், விலை கேட்டு ஒருவரும் வரவில்லை என்றால் தவறான ஆட்கள் பார்க்கிறார்கள். பொதுக் குறியை மாற்ற வேண்டும். பின்தொடராதவர்கள் சிலரே பார்த்தும் அவர்களில் ஓரிருவர் "நிஜ முடிச்சா?" என்று கேட்டிருந்தால் குறிகள் சரியாக அமைந்துவிட்டன. ஒரு பதிவை வைத்து முடிவு கட்டக்கூடாது. படம், நேரம், விலை எல்லாம் சேர்ந்தே பலன் தரும். பத்துப் பதிவுகளில் ஒரு குறியை மட்டும் மாற்றிப் பார்த்தால் ஓரளவு புரியும்.

அந்த "நிஜ முடிச்சா?" என்ற கேள்வி சாதாரணமானதல்ல. சுங்குடி என்ற பெயரில் சந்தையில் விற்பதில் பெரும்பகுதி அச்சிட்டது. முடிச்சிட்ட சேலையில் புள்ளிகள் ஒன்றுபோல் இருக்காது. கட்டிய இடத்தில் துணி சற்றுச் சுருங்கி மேடாகத் தெரியும். அச்சில் புள்ளிகள் அளவெடுத்ததுபோல் தட்டையாக இருக்கும். அச்சுச் சேலை விற்பதில் குற்றமில்லை; விலை குறைவு, அன்றாடம் கட்டவும் நல்லது. ஆனால் அதன் படத்துக்குக் கீழே #HandTied என்று எழுதினால், விரல் நோக முடிச்சுப் போடுகிறவரின் கூலியைக் குறைக்கிற வேலையில் கடையும் சேர்ந்துவிடுகிறது. அச்சுச் சேலைக்கு #PrintedCotton என்றே போடுங்கள். அதைத் தேடி வாங்குகிறவர்களும் நிறையவே இருக்கிறார்கள்.