நெடுந்தூர ஓட்டக்காரர்களின் தகைவு முறிவு

தகைவு முறிவு என்பது விழுந்தோ அடிபட்டோ ஏற்படாமல், சிறிய சுமை பல்லாயிரம் முறை திரும்பத் திரும்ப விழுவதால் எலும்பில் உண்டாகும் நுண்ணிய விரிசல் ஆகும். மருத்துவர்கள் இதனை ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர் என்பர். ஓட்டக்காரர்களிடம் இது மிகுதியாகக் காணப்படும் இடம் டிபியா, அதாவது முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் இடையில் முன்பக்கம் தொட்டுணரக்கூடிய பெரிய எலும்பு. பாதத்தின் நடுவிலுள்ள நீண்ட எலும்புகளும் தொடையெலும்பின் கழுத்துப் பகுதியும் இதற்கு ஆளாகின்றன.

இதனை முதலில் விவரித்தவர் ஓட்டக்காரர்களைப் பார்த்த மருத்துவர் அல்லர். 1855 இல் பிரஷ்ய இராணுவ மருத்துவர் பிரைட்ஹாப்ட், நீண்ட அணிநடைக்குப் பின் வீரர்களின் பாதம் வீங்கி வலிப்பதைப் பதிவு செய்தார். காரணம் எலும்பில் இருக்கிறது என்பது அப்போது தெரியவில்லை. 1895 இல் எக்ஸ் கதிர்கள் கண்டுபிடிக்கப்பட்ட பிறகு, 1897 இல்தான் அந்தப் பாதங்களில் முறிவு இருப்பது படத்தில் தெரிந்தது. 'அணிநடை முறிவு' என்ற பெயர் இன்றும் வழக்கில் உள்ளது.

எலும்பு ஏன் பின்தங்குகிறது

எலும்பு உயிருள்ள திசு. அதில் நுண்விரிசல் விழுவது இயல்பே. விரிசல் விழுந்த பகுதியை ஒருவகை உயிரணுக்கள் கரைத்து அகற்றுகின்றன. வேறொரு வகை உயிரணுக்கள் அங்கே புதிய எலும்பை இட்டு நிரப்புகின்றன. சிக்கல் இந்த இரு வேலைகளின் வேகத்தில் உள்ளது. கரைக்கும் வேலை ஏறத்தாழ மூன்று வாரங்களில் முடிந்துவிடும். நிரப்பிக் கெட்டிப்படுத்தும் வேலைக்கு மூன்று மாதங்கள் வரை ஆகும். வீட்டைப் பழுதுபார்க்கப் பழைய சுவரை இடித்துவிட்டு, புதுச் சுவர் காயுமுன் மாடியில் பாரம் ஏற்றுவது போன்றது இது. பயிற்சியைத் திடீரெனக் கூட்டியவரின் எலும்பு, அடுத்த சில வாரங்களுக்கு முன்பைவிட வலுக்குறைந்தே இருக்கும். ஆனால் அதே வாரங்களில் இதயமும் நுரையீரலும் தசைகளும் நன்றாகப் பழகிவிடுகின்றன. ஓடுவது எளிதாகிவிட்டதாக அவருக்குத் தோன்றும். தவறு பெரும்பாலும் இங்கேதான் நிகழ்கிறது.

ஒரு கல்லூரி மாணவியை எடுத்துக்கொள்வோம். வாரத்துக்கு 25 கிலோமீட்டர் ஓடி வந்தவர், அரை மாரத்தானுக்காக ஐந்து வாரங்களில் அதை 50 கிலோமீட்டர் ஆக்குகிறார். ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ ஆயிரம் அடிகள் எனக் கொண்டால், வாரத்துக்கு ஒவ்வொரு காலும் 12,500 முறை தரையில் விழுந்தது போய் 25,000 முறை விழுகிறது. ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் தரை திருப்பித் தரும் விசை உடல் எடையைப்போல் இரண்டு முதல் மூன்று மடங்கு. தனியாகப் பார்த்தால் அந்த விசையில் ஆபத்து எதுவும் இல்லை. எண்ணிக்கை இரட்டித்ததும், பழுதுபார்க்க இடைவெளி இல்லாததுமே காரணம்.

ஏன் தவறவிடப்படுகிறது

மேற்கண்ட மாணவிக்கு நான்காம் வாரத்தில், நீண்ட ஓட்டத்தின் கடைசி இரண்டு கிலோமீட்டரில் மட்டும் இடது டிபியாவின் உட்புறம், கீழ்ப்பகுதியில் வலி வருகிறது. மறுநாள் காலையில் அது இல்லை. ஐந்தாம் வாரத்தில் ஓட்டம் தொடங்கியதுமே வலிக்கிறது. ஆறாம் வாரத்தில் மாடிப்படி ஏறினாலும் வலி. இரவில் படுத்தபிறகும் ஒரு மந்தமான குடைச்சல். வலி ஓட்டத்தில் மேலும் மேலும் முன்னதாகவே தொடங்குவது இந்த முறிவின் முக்கியமான அடையாளம். தசைப்பிடிப்பு பெரும்பாலும் இதற்கு நேர்மாறாக நடந்துகொள்ளும். உடல் சூடேறியதும் தளரும். கீழே விழவில்லை, வீக்கமும் பெரிதாக இல்லை என்பதால் "எலும்பு முறிவு" என்ற எண்ணமே யாருக்கும் வருவதில்லை.

அவர் எக்ஸ்ரே எடுக்கிறார். படத்தில் ஒன்றும் இல்லை. இதுவே இரண்டாவது தடுமாற்றம். முதல் இரண்டு, மூன்று வாரங்களில் எடுக்கும் எக்ஸ்ரே படங்களில் பெரும்பாலானவற்றில் தகைவு முறிவு தெரியாது. விரிசல் மயிரிழையைவிட நுண்ணியது. பிறகு தெரிவதும் பல வேளைகளில் விரிசல் அன்று, அதைச் சுற்றி எலும்பு ஆறத் தொடங்கியதன் தடிப்பு. அதாவது, எக்ஸ்ரேயில் முறிவு தெரிந்தால் உறுதி. தெரியாவிட்டால் முறிவு இல்லை என்று பொருளாகாது. எம்.ஆர்.ஐ. படம் எலும்பின் உள்ளே நீர் கோத்திருப்பதைக் காட்டிவிடுவதால், விரிசல் கோடாக உருவாகுமுன்பே அதனால் கண்டறிய முடிகிறது. செலவு கருதி அது எல்லாருக்கும் உடனே எடுக்கப்படுவதில்லை. வலியின் போக்கும் தொட்டுப் பார்க்கும் சோதனையும் ஐயத்தை எழுப்பினால், படம் கிடைக்கும்வரை ஓட்டத்தை நிறுத்திவைப்பதே சரியான வழி.

மூன்றாவது, பெயர்க் குழப்பம். டிபியாவின் உட்புற வலிக்கு ஓட்டக்காரர்கள் எல்லாரும் வைத்திருக்கும் பெயர் 'ஷின் ஸ்ப்ளின்ட்ஸ்'. அதுவும் மிகைப்பயிற்சியால் வருவதுதான். ஆனால் முறிவு அன்று. இரண்டையும் பிரித்தறிய விரல் நுனி பெரிதும் உதவும். எலும்பின் உள்விளிம்பு நெடுக அழுத்திச் செல்லும்போது ஐந்து சென்டிமீட்டருக்கும் மேற்பட்ட நீளத்தில் பரவலாக வலித்தால் அது பெரும்பாலும் ஷின் ஸ்ப்ளின்ட்ஸ். ஒரு நாணயத்தால் மூடிவிடக்கூடிய ஓரிடத்தில் மட்டும் சுருக்கென்று வலித்தால் தகைவு முறிவை ஐயுற வேண்டும். நம் மாணவிக்கு வலி அப்படி ஓரிடத்தில்தான் இருந்தது. "எங்கே வலிக்கிறது" என்று கேட்டவர்கள் பலர் இருந்தும், "ஒரு விரலால் காட்டு" என்று கேட்டவர் இல்லை.

தொடையெலும்பின் கழுத்தில் முறிவு ஏற்பட்டால் நிலைமை இன்னும் கடினம். அந்த எலும்பு ஆழத்தில் இருப்பதால் தொட்டுப் பார்க்க முடியாது. வலி தொடையிடுக்கிலோ சில வேளைகளில் முழங்காலிலோ தெரியும். தசை இழுப்பு என்று விட்டுவிடுவார்கள். ஒற்றைக்காலில் குதித்துப் பார்க்கும் சோதனையைத் தொடையிடுக்கு வலியுள்ளவர்கள் தாமாகச் செய்துபார்க்கவே கூடாது. விரிசல் அங்கே முழு முறிவாக மாறக்கூடும்.

மாரத்தானில் 2003 இல் 2 மணி 15 நிமிடம் 25 விநாடியில் ஓடி உலகச் சாதனை படைத்த பிரித்தானிய வீராங்கனை பவுலா ராட்கிளிஃபின் வாழ்க்கையில் இந்த முறிவு ஒன்றுக்கு மேற்பட்ட முறை குறுக்கிட்டது. 1994 இல் பாதத்தில் ஏற்பட்ட முறிவு தொடக்கத்தில் சரியாகக் கண்டறியப்படவில்லை. அந்தப் பாதமே 2012 லண்டன் ஒலிம்பிக்கில் அவரை ஓடவிடாமல் செய்தது. 2008 இல் தொடையெலும்பில் தகைவு முறிவு மே மாதம் கண்டறியப்பட்டது. பீஜிங் ஒலிம்பிக் மாரத்தான் ஆகஸ்ட் 17 அன்று. மூன்று மாத இடைவெளியில் அவர் தொடக்கக் கோட்டுக்கு வந்துசேர்ந்தார். 23 ஆவதாக முடித்தார். அதே ஆண்டு நவம்பரில் நியூயார்க் மாரத்தானில் வென்றார். எலும்பு ஆறுவதும் பந்தய உடல்நிலை திரும்புவதும் ஒரே நாளில் நிகழ்வதில்லை என்பது இந்த இரு முடிவுகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் விளங்கும்.

மீட்சியின் படிகள்

மாணவிக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கப்பட்டு, டிபியாவின் உட்புறத்தில் நடுத்தர அளவுப் பாதிப்பு எனத் தெரிகிறது. உட்புறம் என்பது நல்ல செய்தி; இரத்த ஓட்டம் போதுமாக இருப்பதால் அறுவைச் சிகிச்சை இன்றியே ஆறிவிடும்.

முதற்படி, ஓட்டத்தை முழுமையாக நிறுத்துவது. நடக்கும்போதே வலித்தால் ஊன்றுகோலோ மருத்துவர் தரும் கெட்டியான காலணியோ தேவைப்படும். மிதிவண்டியும், இடுப்புப் பட்டை கட்டிக்கொண்டு ஆழமான நீரில் ஓடுவதும் வலி இல்லாதவரை செய்யலாம்; இதயத்தின் பயிற்சி குன்றாது. இந்தப் படி எத்தனை நாள் என்பதை நாட்காட்டி முடிவு செய்வதில்லை. நாள்தோறும் நடமாட்டத்தில் வலி இல்லாமல் ஐந்து நாட்கள் தொடர்ந்து கழிய வேண்டும். அரைமணி நேரம் வேகமாக நடந்தாலும் வலிக்கக் கூடாது. விரலால் அழுத்தினாலும் அந்த இடம் நோகக் கூடாது. மாணவிக்கு இதற்கு நான்கு வாரங்கள் ஆகின்றன. இந்தக் காலத்தில் வலிமாத்திரை போட்டுக்கொண்டு "வலி இல்லை" என்று கணக்கிடுவது தன்னையே ஏமாற்றிக்கொள்வது.

அடுத்தது நடையும் ஓட்டமும் கலந்த படி. மொத்தம் 30 நிமிடங்கள், ஒருநாள் விட்டு ஒருநாள். முதலில் ஒரு நிமிடம் மெதுவோட்டம், நான்கு நிமிடம் நடை என ஆறு சுற்றுகள்; அதில் ஓட்டம் ஆறு நிமிடமே. பிறகு இரண்டுக்கு மூன்று, மூன்றுக்கு இரண்டு, நான்குக்கு ஒன்று எனக் கூட்டி, இறுதியில் 30 நிமிடமும் ஓட்டம். ஒவ்வோர் அளவையும் இருமுறை செய்தால் பத்து அமர்வுகள், ஏறத்தாழ மூன்று வாரங்கள். இடையிலுள்ள ஓய்வுநாள் சோம்பலுக்காக அன்று. எலும்பு ஆக்கும் உயிரணுக்களின் வேலைநாள் அது. எந்த அமர்விலாவது பழைய இடத்தில் வலி வந்தால் அன்றே நிறுத்தி, வலி முற்றும் நீங்கிய பிறகு முந்தைய அளவுக்குத் திரும்ப வேண்டும். தசைச் சோர்வு வேறு. அது கெண்டைக்காலில் பரவலாக இருக்கும், இரண்டொரு நாளில் போய்விடும்.

மூன்றாவது படியில் முதலில் தூரம், பிறகே வேகம். இப்போது வாரத்துக்கு 14 கிலோமீட்டர் ஓடுகிறார். வாரந்தோறும் பத்தில் ஒரு பங்கு கூட்டினால், பழைய 25 கிலோமீட்டரை எட்ட ஆறு வாரங்கள் ஆகும். இந்தப் பத்தில் ஒரு பங்கு ஆய்வில் உறுதியான எல்லை அன்று, பயிற்சியாளர்களின் வழக்கம். ஆயினும் அவசரத்துக்குக் கடிவாளமாகப் பயன்படுகிறது. மேடேறி ஓடுவதும் விரைவோட்டமும் இதற்குப் பின்னர்தான். ஆகமொத்தம் ஓட்டத்தை நிறுத்திய நாளிலிருந்து பதின்மூன்று வாரங்கள். எக்ஸ்ரே எடுத்த அன்றே ஓய்வெடுத்திருந்தால் இது குறைந்திருக்கவும் கூடும்.

டிபியாவின் முன்விளிம்பு, பாதத்தின் மேல்வளைவிலுள்ள படகுவடிவ எலும்பு, தொடையெலும்புக் கழுத்தின் மேற்புறம் ஆகிய இடங்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. படகுவடிவ எலும்பு என்றால் ஆறு வாரமேனும் மாவுக்கட்டுடன் காலை ஊன்றாமலேயே இருக்க வேண்டியிருக்கும்; தொடையெலும்புக் கழுத்தின் மேற்புறம் எலும்பை இழுத்துப் பிரிக்கும் விசைக்கு உட்படுவதால் பெரும்பாலும் திருகாணி வைத்துப் பொருத்துகிறார்கள்.

கேட்கப்படாத கேள்வி

படிகளை எல்லாம் ஒழுங்காகக் கடந்தும் சிலருக்கு முறிவு மீண்டும் வருகிறது. அவர்களிடம் பயிற்சிக் குறிப்பேட்டைப் பார்ப்பதோடு, உண்ணும் அளவையும் கேட்க வேண்டும். ஓட்டத்தில் செலவாகும் ஆற்றலுக்கு ஈடாக உண்ணாவிட்டால், உடல் அவசரமற்ற வேலைகளைக் குறைத்துக்கொள்கிறது. எலும்பைப் புதுப்பிப்பது அவற்றுள் ஒன்று, மாதவிலக்கு மற்றொன்று. பன்னாட்டு ஒலிம்பிக் குழு 2014 இல் இந்த ஆற்றல் குறைபாட்டுக்குத் தனிப்பெயரிட்டு, ஆண்களுக்கும் இது வருவதை வலியுறுத்தியது. மாணவிக்கு நான்கு மாதங்களாக மாதவிலக்கு வரவில்லை. பயிற்சி மிகுந்தால் அப்படித்தான் என்று தோழிகள் சொன்னதை நம்பி, அவர் அதை மருத்துவரிடம் சொல்லவில்லை, மருத்துவரும் கேட்கவில்லை. மூன்று மாதம் தொடர்ந்து மாதவிலக்கு நின்றால் அதற்கெனத் தனியே மருத்துவரைப் பார்க்க வேண்டும். சுண்ணாம்புச்சத்தும் வைட்டமின் டி அளவும் அப்போது சோதிக்கப்படும். ஆனால் மாத்திரை மட்டும் போதாது. காலையில் வெறும் தேநீரோடு ஓடிவிட்டு பத்து மணிக்கு உண்பவர், ஓட்டத்துக்கு முன் ஒரு வாழைப்பழமும் முடிந்த அரைமணிக்குள் நான்கு இட்லியும் சாம்பாரும் சாப்பிடுவதிலிருந்து அந்தச் சிகிச்சை தொடங்குகிறது.